டவுன்லோட் 100 இருந்தும் வீட்டு கம்ப்யூட்டர் ஏன் திணறுகிறது?

கேள்வி: வீட்டில் லோக்கல் கேபிள்காரரிடம் 100 எம்பிபிஎஸ் பிளான். ஸ்பீட் டெஸ்ட்டில் 96 வருது. ஆனா ஆபீஸ்ல இருந்து டெய்ல்ஸ்கேல்ங்கிற விபிஎன் போட்டு, ரிமோட் டெஸ்க்டாப்ல வீட்டு கம்ப்யூட்டரைத் திறந்தா, விண்டோ மாத்தினாலே படம் மங்கலா வந்து அப்புறம்தான் தெளியுது. சாயங்காலம் டைப் பண்ற எழுத்துகூட லேட்டா வருது. ஆபீஸ் நெட் நல்லாதான் இருக்கு. வீட்ல ரெண்டு வைஃபை கேமரா இருக்கு. 200 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறினா சரியாகுமா?

பதில்: அந்த 200-ல் அப்லோட் எவ்வளவு என்று கேட்காமல் மாறாதீர்கள். நீங்கள் சொன்ன 96 டவுன்லோட். வீட்டில் உட்கார்ந்து வீடியோ பார்க்கும்போது அதுதான் முக்கியம். ஆனால் வெளியிலிருந்து வீட்டு கம்ப்யூட்டரைத் திறக்கும்போது திசை திரும்பிவிடுகிறது. உங்கள் மவுஸ் அசைவும் கீபோர்டு எழுத்தும் வீட்டுக்குள் போகின்றன, அது மிகச் சின்ன டேட்டா. வீட்டு கம்ப்யூட்டரின் திரைதான் படமாக வெளியே வர வேண்டும், அது முழுக்க வீட்டு லைனின் அப்லோட். டவுன்லோட் 96 இருந்தாலும் 960 இருந்தாலும் இந்த வேலையில் அதற்குப் பங்கு கிடையாது.

கேபிள் லைனில் அப்லோட் ஏன் குறைவு என்றால், டிவி சேனல்களை வீட்டுக்குக் கொண்டுவரப் போட்ட ஒயர் அது. அதில் பெரும்பகுதி அலைவரிசை வீட்டை நோக்கி வருவதற்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. திரும்பிப் போக கீழ்முனையில் ஒரு சின்னத் துண்டுதான், அதையும் அக்கம்பக்கத்து வீடுகளோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். அதனால் 100 பிளானில் அப்லோட் 5, 6 எம்பிபிஎஸ் என்று இருப்பது சகஜம். பழைய டெலிபோன் ஒயரில் வந்த பிராட்பேண்டில் இது இன்னும் மோசம், 1 எம்பிபிஎஸ் பக்கத்தில்தான் அப்லோட் இருக்கும். வீடு வரை ஃபைபர் வந்தால் இந்தக் கட்டுப்பாடு பெரிய அளவில் போய்விடும், பல ஃபைபர் பிளான்களில் ரெண்டு பக்கமும் ஒரே வேகம் தருகிறார்கள். 5ஜி ஏர்ஃபைபர் ஃபைபர் அல்ல, பேரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அதிலும் அப்லோட் டவுன்லோடைவிடக் குறைவாகத்தான் வரும்.

இப்போது உங்கள் லைனில் அப்லோட் 6 என்று வைத்துக் கணக்குப் போடுவோம். ஒரு விண்டோவிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் திரை முழுக்க மாறுகிறது. 1920x1080 திரையைச் சுருக்கி அனுப்பினாலும், எழுத்தும் கட்டமும் நிறைந்த பக்கத்துக்குத் தோராயமாக 250 கிலோபைட் ஆகும் என்று வைப்போம், அதாவது 2 மெகாபிட். 6 எம்பிபிஎஸ் லைனில் அது வந்து சேர நொடியில் மூன்றில் ஒரு பங்கு வேண்டும். ரெண்டு கேமராவும் கிளவுடில் பதிவு செய்பவை, ஒவ்வொன்றும் 1.5 எம்பிபிஎஸ் எடுக்கிறது என்றால், மிச்சம் 3 எம்பிபிஎஸ்தான், நேரம் இரண்டு மடங்காகி முக்கால் நொடியை நெருங்கிவிடும். அவ்வளவு நேரம் காத்திருக்க வைக்கக் கூடாது என்றுதான் சாஃப்ட்வேர் முதலில் மங்கலான படத்தை அனுப்பிவிட்டு, பின்னால் தெளிவை நிரப்புகிறது. நீங்கள் பார்க்கும் மங்கல் இதுதான். இதே படம் 50 எம்பிபிஎஸ் அப்லோடில் 0.04 நொடியில் போய்விடும், கண்ணுக்கே தெரியாது.

டைப் பண்ணும் எழுத்து தாமதமாவது வேறு கோளாறு, அதுதான் என்னைக் கேட்டால் பெரிய கோளாறு. ஒரு எழுத்தால் திரையில் மாறுவது கொஞ்சம்தான், அதற்கு வேகம் தேவையே இல்லை. ஆனால் அப்லோட் நிரம்பிவிட்டால், மோடம் அனுப்ப முடியாத டேட்டாவை வரிசையில் நிறுத்தி வைக்கிறது. சாயங்காலம் வீட்டுக்கு வரும் போன்கள் வைஃபையைப் பிடித்ததும் அன்றைக்கு எடுத்த போட்டோ, வீடியோவை எல்லாம் பேக்கப் எடுக்க ஆரம்பிக்கும். வரிசையில் அரை மெகாபைட் நின்றாலே, 6 எம்பிபிஎஸ் லைனில் அது கரைய 0.7 நொடி ஆகும். உங்கள் ஒற்றை எழுத்தும் அந்த வரிசையின் கடைசியில்தான் நிற்க வேண்டும். ஸ்பீட் டெஸ்ட்டில் 6 முழுசாக வந்தாலும் வேலை செய்ய முடியாமல் போவது இப்படித்தான்.

சரி, உங்கள் லைனை எப்படிப் பார்ப்பது? வீட்டு கம்ப்யூட்டரை ரூட்டரில் ஒயர் போட்டு இணைத்துவிட்டு ஸ்பீட் டெஸ்ட் ஓட்டுங்கள், `Upload` என்ற எண்ணை மட்டும் எழுதி வையுங்கள். காலையில் ஒரு முறை, இரவு 8 முதல் 11-க்குள் ஒரு முறை, கேமராக்களைக் கழற்றிவிட்டு ஒரு முறை. இவற்றில் உங்களுக்குப் பயன்படும் எண், நீங்கள் வழக்கமாக ரிமோட்டில் வேலை செய்யும் நேரத்தில் வந்ததுதான். கேமராவோடும் இல்லாமலும் வரும் வித்தியாசம் அவை தின்பது எவ்வளவு என்று காட்டிவிடும்.

அடுத்தது வரிசை சோதனை. வீட்டில் ரெண்டு கமாண்ட் விண்டோ திறந்து, ஒவ்வொன்றிலும் ஒன்றை ஓட விடுங்கள். முதல் முகவரி உங்கள் ரூட்டருடையது, அது மாறியிருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

```
ping -t 192.168.1.1
ping -t 8.8.8.8
```

ஒரு நிமிடம் சும்மா ஓடட்டும். அப்புறம் ஒரு பெரிய வீடியோ ஃபைலை கூகுள் டிரைவில் ஏற்றத் தொடங்கி, `time=` எண்ணைப் பாருங்கள். ரெண்டாவது விண்டோவில் 20 ms இருந்தது 50, 60 ஆனால் லைன் நன்றாக இருக்கிறது. 200-ஐத் தாண்டினால் டைப்பிங் எரிச்சலாகும், 500-க்கு மேல் போனால் வேலையை விட்டுவிட வேண்டியதுதான். ரூட்டர் விண்டோவிலேயே எண் எகிறினால் லைனைக் குறை சொல்ல முடியாது, வீட்டுக்குள் வைஃபையோ ரூட்டரோதான் காரணம்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். ஆபீஸிலிருந்து `tailscale ping` போட்டு, பின்னால் வீட்டு கம்ப்யூட்டரின் பெயரைக் கொடுங்கள். சில வரிகளுக்குப் பிறகும் பதிலில் `via DERP` என்றே வந்துகொண்டிருந்தால், நேர் இணைப்பு கிடைக்காமல் நடுவில் ஒரு சர்வரைச் சுற்றி வருகிறது. அப்போது அப்லோடைக் கூட்டினாலும் பலன் அரைகுறைதான்.

காசு செலவில்லாமல் முதலில் செய்ய வேண்டியது, போன்களின் பேக்கப்பை நீங்கள் வேலை செய்யாத நேரத்துக்கு ஒதுக்குவது, கேமராவில் மெமரி கார்டு இருந்தால் பதிவை அதற்கு மாற்றுவது. ரிமோட் டெஸ்க்டாப்பில் `Display` பக்கத்தில் ரெசல்யூஷனைக் குறைத்து, `Experience` பக்கத்தில் `Desktop background` டிக்கை எடுத்துவிடுங்கள். ரூட்டரில் இந்த வரிசையை ஒழுங்குபடுத்தும் `SQM` வசதி இருந்தால், அப்லோட் வரம்பை அளந்ததைவிடக் கொஞ்சம் கீழே, 6 வந்தால் 5.2 என்று வையுங்கள். வேகம் சற்றுக் குறையும், ஆனால் வரிசை மோடத்தில் சேராமல் ரூட்டரின் கையில் இருக்கும், உங்கள் எழுத்து பேக்கப்புக்குப் பின்னால் நிற்காது. கேபிள்காரர் கொடுக்கும் ரூட்டரில் பெரும்பாலும் இது இருக்காது.

கணக்கு எழுதுவது, மெயில், டாக்குமெண்ட் வேலைக்கு, லைனில் வேறு எதுவும் ஓடாதபோது 5 எம்பிபிஎஸ் அப்லோட் போதும். டிராயிங்கை உருட்டிப் பார்ப்பது, வீடியோ எடிட்டிங் என்றால் 15, 20 இல்லாமல் நிம்மதி கிடையாது. 200 பிளானிலும் அப்லோட் 6 அல்லது 8 என்றால் காசு வீண். கேபிள்காரரிடம் அப்லோட் எண்ணை மெசேஜில் எழுதித் தரச் சொல்லுங்கள். உங்கள் தெருவில் ஃபைபர் வந்திருந்தால், அதிலேயே ரெண்டு பக்கமும் 50 தரும் பிளான் உங்கள் வேலைக்கு இந்த 200-ஐவிடப் பல மடங்கு நல்லது.