வார்டில் பேசாமல் கிடக்கும் நோயாளியும் லோராசெபாம் சேலஞ்சும்

கேள்வி: மெடிசின் வார்டில் ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறேன். பேசாமல், சாப்பிடாமல் படுத்தே கிடக்கும் நோயாளிக்குக் கேடடோனியா என்று எப்படிச் சந்தேகிப்பது? லோராசெபாம் சேலஞ்சை எப்படிச் செய்வது?

நான் பார்த்த ஒரு நோயாளியை வைத்தே சொல்கிறேன். ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மா, சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், வாந்தி என்று வந்து சேர்ந்தவர். நான்காம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது, சோடியமும் சர்க்கரையும் சரி, தலை சி.டி.யிலும் ஒன்றுமில்லை. ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை, கஞ்சியை வாயருகே கொண்டுபோனால் பல்லை இறுகக் கடித்துக்கொள்கிறார். கேஸ் ஷீட்டில் 'டெலிரியம்' என்று எழுதியிருந்தது. இரவில் நர்ஸின் கையைத் தட்டிவிட்டார் என்று ஹாலோபெரிடால் ஊசி வேறு போட்டிருந்தார்கள், காலையில் பார்த்தால் உடம்பு முன்னைவிட விறைப்பு.

நீங்கள் முதலில் செய்ய வேண்டியது, கட்டில் பக்கத்தில் நின்று இரண்டு நிமிடம் சும்மா பார்ப்பது. டெலிரியத்தில் கண் அங்கும் இங்கும் அலையும், கூப்பிட்டால் ஏதோ முனகிவிட்டு மறுபடி தூங்கிப்போவார்கள். இந்த அம்மாவோ விழித்தபடி ஒரே இடத்தை வெறித்துக்கொண்டிருந்தார், இமைப்பதே அபூர்வம். அவர் கையை உயர்த்தி விட்டேன், அப்படியே அந்தரத்தில் நின்றது. முழங்கையை மடக்கினால், எவ்வளவு அழுத்துகிறேனோ அவ்வளவு எதிர்ப்பு. அப்புறம், "கை கொடுக்காதீங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே என் கையை நீட்டினேன், அவர் கை பாதி தூரம் வந்து, பின்வாங்கி, மறுபடி வந்து தத்தளித்தது. இதையெல்லாம் புஷ்-ஃபிரான்சிஸ் அளவுகோலில் குறிக்கலாம். அதன் முதல் 14 அம்சங்களில் இரண்டு இருந்தாலே கேடடோனியாவைச் சந்தேகிக்க வேண்டும். யாரும் கையைத் தூக்கிப் பார்க்காததால்தான் இது வார்டில் தப்பிப்போகிறது.

சரி, சேலஞ்ச். ஊசி போடுவதற்கு முன்பே மதிப்பெண்ணை எழுதிவிடுங்கள் (இவருக்கு 18), இல்லாவிட்டால் பிறகு "கொஞ்சம் பரவாயில்லை போலிருக்கிறது" என்ற பேச்சுதான் மிஞ்சும். சாச்சுரேஷன், மூச்சு எண்ணிக்கை, பி.பி. பார்த்து, ஆக்சிஜனும் ஆம்பு பேக்கும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஈ.ஈ.ஜி. சீக்கிரம் கிடைக்குமென்றால் ஊசிக்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது, ஏனென்றால் வெளியே தெரியாமல் ஓடும் வலிப்பும் இதே மருந்தில் சரியாகும், எது சரியானது என்று பிறகு சொல்ல முடியாது.

1 மில்லிகிராமை அதே அளவு சலைனில் கலந்து ஐ.வி.யில் மெதுவாகக் கொடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து அதே பரிசோதனையை அதே வரிசையில் திரும்பச் செய்யுங்கள். இந்த அம்மாவுக்கு முதல் ஊசியில் இமைப்பது கொஞ்சம் கூடியது, வேறொன்றும் இல்லை. இன்னொரு 1 மில்லிகிராம் போட்டோம். சில நிமிடங்களில் மகள் பக்கம் தலையைத் திருப்பி, "தண்ணி குடு" என்றார். மதிப்பெண் 7. பாதிக்குமேல் குறைந்தால் பாசிட்டிவ் என்று எடுத்துக்கொள்கிறோம். வெறுமனே தூங்கிப்போனால் அது பாசிட்டிவ் இல்லை. எதுவுமே மாறவில்லை என்றாலும் கேடடோனியா இல்லை என்று எழுதிவிடாதீர்கள், சிலருக்கு நாள் கணக்கில் கொடுத்த பிறகே பிடிக்கும்.

அடிக்கடி நடக்கும் தவறு இதற்குப் பிறகுதான். பேசிவிட்டார், வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறோம். மாலைக்குள் இவர் மறுபடி மௌனமாகிவிட்டார், அந்தத் தவறை நாங்களும் செய்தோம். வேளை தவறாமல் கொடுக்க வேண்டிய மருந்து இது, 'தேவைப்பட்டால்' என்று எழுதக் கூடாது. இவருக்கு 1 மில்லிகிராம் மூன்று வேளை என்று தொடங்கி, மூச்சைக் கவனித்துக்கொண்டே கூட்டினோம். ஹாலோபெரிடாலை நிறுத்தினோம், அந்த வகை மருந்து கேடடோனியாவை உயிருக்கே ஆபத்தான நிலைக்குத் தள்ளிவிடலாம். காய்ச்சல் திரும்ப ஏறி, நாடித்துடிப்பும் பி.பி.யும் தாறுமாறாகி, சி.பி.கே. கூடினால் காத்திருக்காமல் ஐ.சி.யு.வையும் மனநலப் பிரிவையும் கூப்பிடுங்கள், ஈ.சி.டி. தேவைப்படலாம். படுத்தே கிடப்பவர்கள் என்பதால் காலில் ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரினையும் யோசியுங்கள்.

காரணம் என்ன என்று கேட்கிறீர்களா? அம்மா வாய் திறந்த பிறகுதான் மகளுக்கு நினைவு வந்தது: பல வருஷமாக இரவில் தூக்கத்துக்கு ஒரு மாத்திரை போடுவாராம், வாந்தி தொடங்கிய நாளிலிருந்து போடவில்லை. வீட்டிலிருந்து அட்டையைக் கொண்டுவரச் சொன்னோம். குளோனசெபாம் 2 மில்லிகிராம். லோராசெபாமின் அதே குடும்பத்து மருந்து, திடீரென்று நின்றுபோயிருக்கிறது. சேர்க்கும்போதே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.