அட்டையில் மீரா, ஆதாரில் முத்துமாரியம்மாள்

"கொழிஞ்சாம்பாறையிலிருந்து தினமும் கஞ்சிக்கோட்டுக்கு வேலைக்குப் போகிறேன். ஆதாரில் என் பெயர் முத்துமாரியம்மாள். ஆனால் எல்லோருக்கும் நான் மீரா. கம்பெனி அடையாள அட்டையில் மீரா என்று போடச் சொல்லி எச்.ஆருக்கு மெயில் அனுப்பலாமா? ஆதார்ப் பெயரை மாற்ற விருப்பமில்லை. பி.எஃப்.பில் சிக்கல் வருமா?"

தாராளமாக அனுப்பலாம், மீரா. மெயிலைச் சரியாக எழுதினால் பி.எஃப்.புக்கு ஒன்றும் ஆகாது. எழுதும் விதத்தில்தான் விஷயமே இருக்கிறது.

பொருள் வரியில் 'பெயர் மாற்றம்' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். என்னிடம் வந்த ஒருவர் அப்படித்தான் எழுதியிருந்தார். எச்.ஆரில் இருந்தவர் கணினியில் மூலப் பதிவையே மாற்றிவிட்டார். அங்கிருந்து புதுப் பெயர் சம்பளச் சீட்டுக்கும், வேலையை விட்டபோது தந்த அனுபவச் சான்றிதழுக்கும் போய்விட்டது. அடுத்த கம்பெனியில் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் வேறு பெயர். இருவரும் ஒருவரே என்று நிரூபிக்க அவர் அலையாய் அலைந்தார்.

அதனால் எது மாறக்கூடாது என்பதை முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் வேண்டியதைக் கேளுங்கள். உங்கள் எச்.ஆருக்குத் தமிழ் வாசிக்க வராது என்றால், இதையே ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ எழுதி அனுப்புங்கள்:

"பொருள்: அடையாள அட்டையில் அழைக்கும் பெயர் அச்சிட வேண்டுகோள் (சட்டப் பெயரில் மாற்றம் இல்லை)

வணக்கம். சம்பளம், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., வருமான வரிப் பதிவுகளில் என் பெயர் முத்துமாரியம்மாள் என்றே தொடரட்டும். அதில் எந்தத் திருத்தமும் கேட்கவில்லை. அடையாள அட்டையின் முன்பக்கத்தில் மட்டும் 'மீரா' என்று அச்சிட வேண்டுகிறேன். பின்பக்கத்தில் சட்டப் பெயரும் பணியாளர் எண்ணும் இருக்கட்டும். தங்கள் முடிவை மெயிலில் தெரிவிக்கவும்."

பின்பக்கத்துச் சட்டப் பெயரை வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். வேலையிடத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனால், கூட வருபவர் கையில் அந்த அட்டைதான் இருக்கும். ஈ.எஸ்.ஐ. பதிவில் மீரா என்று தேடினால் நீங்கள் கிடைக்க மாட்டீர்கள்.

கெசட், நோட்டரி பிரமாணப் பத்திரம் கேட்டால், அவை சட்டப் பெயரை மாற்றத்தான் தேவை, நான் அதைக் கேட்கவில்லை என்று அதே மெயிலின் கீழே பதில் போடுங்கள்.

முடியாது என்றால்? பெயர் ஒருவரின் அடையாளத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2021-இல், ஜிக்யா யாதவ் வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனால் அது சி.பி.எஸ்.இ. சான்றிதழ் பற்றிய வழக்கு. அதைக் காட்டித் தனியார் கம்பெனியை அட்டை அச்சிடச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. வக்கீல் நோட்டீஸுக்குச் செலவழிக்காதீர்கள். அட்டையில் இரண்டு பெயரையும் சேர்த்துப் போடக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அதற்கு ஒத்துக்கொள்வார்கள்.

புது அட்டை வந்த மாதம் சம்பளச் சீட்டையும் பி.எஃப். பாஸ்புக்கையும் திறந்து பாருங்கள். எங்காவது மீரா என்று வந்திருந்தால், அன்றே இந்த மெயிலை இணைத்துத் திருத்தச் சொல்லுங்கள்.