எந்தச் சுந்தரபாண்டியன்?

கேள்வி: மேலூர்ப் பக்கம் எங்கள் ஊர்க் கோயில் சுவரில் 'ஸ்வஸ்திஸ்ரீ கொமாறபன்மரான திரிபுவனச் சக்கரவத்திகள் சொணாடு வழங்கியருளிய சுந்தரபாண்டிய தெவற்கு யாண்டு எ' வரை படித்துவிட்டேன். இதில் எது பெயர், எது பட்டம்? எந்த ராஜா இவர்?

பதில்: நன்றாகவே படித்திருக்கிறீர்கள். 'கொ' என்று இருப்பது கோ, அதாவது அரசன். அந்தக் காலத்து எழுத்தில் எ-ஏ, ஒ-ஓ வரிசைகளில் குறில் நெடில் வேறுபாடு காட்டமாட்டார்கள், புள்ளியும் பெரும்பாலும் இருக்காது, அதனால் சொணாடு என்பதைச் சோணாடு என்றே எடுத்துக்கொள்ளுங்கள், சோழநாடுதான்.

மாறபன்மர் என்றால் மாறவர்மன். இது ஆளின் பெயர் இல்லை, பட்டப்பெயர். பாண்டியர்கள் மாறவர்மன், சடையவர்மன் என்ற இரண்டையும் மாற்றி மாற்றிச் சூடிக்கொண்டார்கள், சோழர்கள் இராசகேசரி, பரகேசரி என்று வைத்துக்கொண்டதைப் போல. ஆக, இதை வைத்துச் சடையவர்மன்களைக் கழித்துவிடலாம், அவ்வளவுதான். திரிபுவனச் சக்கரவர்த்தி என்பதைப் பார்த்து மிரளவேண்டாம். மூன்று உலகத்தையும் ஆண்டவர் என்று பொருள் வந்தாலும், முதலாம் குலோத்துங்கன் காலத்துக்குப் பிறகு சோழரும் பாண்டியரும் சர்வசாதாரணமாகப் போட்டுக்கொண்ட பட்டம் அது, கைவசம் எவ்வளவு நாடு இருந்தது என்று அதிலிருந்து ஒன்றும் தெரியாது. 'அருளிய', 'தேவர்' இரண்டும் வெறும் மரியாதைதான்.

ஆளைக் காட்டிக்கொடுப்பது 'சோணாடு வழங்கிய' என்ற பகுதி. 1216இல் பட்டத்துக்கு வந்த முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் மூன்றாம் குலோத்துங்கனை வென்று, சோழநாட்டுக்குள்ளேயே வீராபிஷேகம் செய்துகொண்டு, பிறகு நாட்டை அவனிடமே திருப்பிக் கொடுத்தான். தோற்றவனுக்குத் தானம் கொடுத்ததாகக் கல்லில் வெட்டிவைப்பது எவ்வளவு பெரிய குத்தல் பாருங்கள்! அரசன் புகழைப் பாடும் முகவுரையான மெய்க்கீர்த்தியும் இருந்தால் அது 'பூமருவிய திருமடந்தையும்' என்று தொடங்குகிறதா பாருங்கள், அதுவும் இவனுடையதுதான்.

கடைசியில் உள்ள 'எ' எழுத்து இல்லை, தமிழ் எண் ௭. ஏழாம் ஆட்சியாண்டு, கணக்குப்படி ஏறத்தாழ 1222-23. அதே சுவரில் வேறு கல்வெட்டில் '3வதின் எதிர் 4' என்று வந்தால், இரண்டையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

சோணாடு என்ற பகுதி சிதைந்துபோயிருந்தால் மட்டும் அவசரப்படாதீர்கள். 1238இல் வந்தவனும் மாறவர்மன் சுந்தரபாண்டியன்தான். அப்போது கல்வெட்டில் கிழமை, திதி, நட்சத்திரம் சேர்ந்து கொடுத்திருக்கிறதா என்று தேடி, அவை எந்த ஆண்டில் ஒன்றாகப் பொருந்துகின்றன என்று கணக்கிட்டால்தான் முடிவு சொல்லமுடியும். அப்புறம், கீழே கையெழுத்துப் பகுதியில் 'சுந்தரபாண்டிய மூவேந்தவேளான்' மாதிரிப் பெயர் வந்தால் அவர் ராஜா இல்லை, ராஜா பெயரைப் பட்டமாகப் பெற்ற அதிகாரி.