தகுதிகாண் காலத்தில் ஒரு வரிக் கடிதம்: அது எப்போது தண்டனை ஆகிறது?

கேள்வி: தம்பி கொழும்பில் ஒரு தனியார் கம்பனியின் ஸ்டோரில் தகுதிகாண் காலத்தில் இருந்தவர். எட்டாவது மாதத்தில் சாமான் குறைந்தது பற்றி விசாரித்தார்கள். இரண்டு கிழமையில் "உங்கள் சேவை எமக்குத் திருப்தியளிக்கவில்லை" என்று கடிதம் வந்தது. தகுதிகாண் ஆளுக்கு விசாரணை தேவையில்லையாமே, உண்மையா?

பாதிதான் உண்மை. ஆள் வேலைக்குப் பொருத்தமா என்று பார்ப்பதற்கே அந்தக் காலம் இருக்கிறது. பார்த்துவிட்டு நேர்மையாகவே திருப்தியில்லை என்றால், குற்றப்பத்திரிகை இல்லாமலே சேவையை முடிக்கலாம். தொழில் நியாய சபையும் அதில் இலகுவில் கை வைக்காது. ஆனால் வேலை போதாது என்று அனுப்பாமல், களவெடுத்தார் என்று முடிவுகட்டி அனுப்பியிருந்தால் அது தண்டனை. குற்றம் என்னவென்று சொல்லாமல், சாட்சியை மறுக்க இடம் கொடுக்காமல் யாரையும் தண்டிக்கக்கூடாது. கடிதத்தில் மென்மையான சொல் போட்டதால் அந்தக் கடமை நீங்கிவிடாது.

இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டும் தீர்ப்புகள் இந்தியாவில் இருக்கின்றன. இங்கே அவை கட்டுப்படுத்தாது, ஆனால் வாதத்தில் எடுத்துக்காட்டலாம். 1981 ஜூனில் ஹைதராபாத் பொலிஸ் அகடமியில் பயிற்சி அதிகாரிகள் எல்லோரும் மழை பெய்த ஒரு நாளில் காலைப் பயிற்சிக்கு ஏறக்குறைய 22 நிமிடம் பிந்தி வந்தார்கள். எல்லோரிடமும் விளக்கம் கேட்கப்பட்டது. அனூப் ஜெய்ஸ்வால் வருத்தம் தெரிவித்தார், மற்றவர்களைத் தூண்டவில்லை என்றார். ஆனாலும் அவர்தான் தூண்டியவர்களில் ஒருவர் என்று மேலிடம் கருதியது. பணிப்பாளர் அரசாங்கத்துக்குப் பரிந்துரைத்தார், அவர் விடுவிக்கப்பட்டார். ஆணையில் குற்றம் என்று ஒரு சொல்கூட இல்லை. 1984இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஆணையோடு நிற்காமல் அந்தப் பரிந்துரையையும் எடுத்துப் பார்த்தது. அன்றைய சம்பவம் இல்லாவிட்டால் இந்த ஆணையே வந்திருக்காது, அப்படியானால் இது வேறு உடை போட்ட தண்டனை என்று சொல்லி, அவரை மீண்டும் வேலையில் சேர்த்தது.

இதை வைத்து, புகார் வந்த பிறகு அனுப்பினாலே தண்டனைதான் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு புகார் வருகிறது, அதை ஆராய்ந்து நிரூபிக்கும் வேலையே வேண்டாம் என்று நிர்வாகம் ஆளை விட்டுவிடுகிறது. அங்கே புகார் வெறும் தூண்டுதல், ஆணை பெரும்பாலும் நிற்கும். ஆளுக்குத் தெரியாமல் சாட்சி எடுத்து, "இவர்தான் செய்தார்" என்று முடிவெழுதி, அந்த முடிவின் மேல் அனுப்பினால் புகார்தான் ஆணையின் அத்திவாரம். நடந்தது முழு விசாரணையா, அது நடத்தைக் குற்றம் பற்றியதா, குற்றவாளி என்ற முடிவில் முடிந்ததா என்று 2001இல் அதே நீதிமன்றம் மூன்றையும் சேர்த்துக் கேட்டது. பலருடைய வழக்கு அந்த மூன்றாவதில்தான் விழுகிறது, ஏனென்றால் முடிவு எழுதிய தாள் அவர்கள் கையில் இருப்பதில்லை.

ஆகவே தம்பியின் கடிதத்தைவிட, அதற்கு முந்தைய தாள்களே முக்கியம். வாக்குமூலம் வாங்கினார்களா, மற்றவர்களிடம் என்ன எழுதி வாங்கினார்கள், அறிக்கை போனதா, குரூப்பில் "களவு பிடிபட்டது" என்று யாராவது போட்டார்களா என்று பாருங்கள். அப்புறம், முதல் ஏழு மாதத்து மதிப்பீட்டுப் படிவங்கள். அவற்றில் "நன்று" என்றிருந்து, சாமான் குறைந்த கிழமையில் திடீரென்று திருப்தி போனால் அது பலமான சான்று. ஆரம்பத்திலிருந்தே "மெதுவாக வேலை செய்கிறார்" என்று எழுதி, அவரிடம் சொல்லியும் இருந்தால் கம்பனியின் பக்கம் வலு கூடும். கடிதத்திலேயே முந்தைய கடிதங்களைக் குறிப்பிட்டிருந்தால் அவற்றையும் எடுங்கள். 1999இல் கல்கத்தாவின் ஓர் ஆய்வு நிலையத்து வழக்கில், ஆணை சுட்டிய பழைய கடிதங்களில் இருந்த களங்கமே ஆணையை விழுத்தியது.

எட்டு மாதம் என்பது தம்பிக்குச் சாதகம். 180 நாள் தாண்டியவர், 15 பேருக்குக் குறையாத இடம் என்றால் பொதுவாக 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க வேலை முடிவுறுத்தல் சட்டம் வரும். ஒழுக்காற்றுத் தண்டனையாக நிறுத்தினால், அதன் பிறகு வரும் இரண்டாவது வேலைநாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்கிறது அது. காரணம் கேட்டுப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். "ஸ்டோர் விஷயம்" என்று பதில் வந்தால், கம்பனியே வாயைத் திறந்துவிட்டது என்று அர்த்தம்.

தொழில் நியாய சபைக்கு வேலை நின்ற நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கம்பனி "பேசித் தீர்ப்போம்" என்று இழுத்தாலும் அந்தத் திகதி நகராது. இதைப் படிக்கும் அரசாங்க ஊழியர்களுக்கு அந்தச் சபையே இல்லை. அவர்கள் அடிப்படை உரிமை மனுவுக்குப் போவதென்றால் ஒரு மாதம்தான், எனவே கடிதம் கிடைத்த கிழமையிலேயே சட்டத்தரணியைப் பாருங்கள்.