4000இல் விழும் பள்ளம்: ஆடியோகிராம் பற்றிய கேள்வி-பதில்

காதுப் பரிசோதனையில் தந்த ஆடியோகிராம் படத்தில் வட்டமும் பெருக்கல் அடையாளமும் இருக்கின்றன. எது எந்தக் காது? (களுவாஞ்சிக்குடி)

சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் அடையாளம் இடது காது. போட்டோ கொப்பியில் நிறம் போனாலும் வடிவம் சொல்லிவிடும். இடப்பக்கம் 250 ஹெர்ட்ஸ் போன்ற தடித்த ஒலிகள், வலப்பக்கம் 8000 வரை கீச்சொலிகள். கீழே போகப் போகச் சத்தம் கூடும். ஆகவே புள்ளி எவ்வளவு கீழே இருக்கிறதோ, அந்த ஒலியைக் கேட்க அவ்வளவு சத்தம் தேவைப்பட்டிருக்கிறது.

வலது காதுக்கு 40 என்று எழுதியிருக்கிறது. 40 வீதம் கேட்காதா? (அக்கரைப்பற்று)

இல்லை, அது வீதமே இல்லை. அந்தச் சுருதியில் நீங்கள் பிடித்த ஆக மெல்லிய ஒலி 40 டெசிபெல் என்றுதான் அர்த்தம். பூச்சியம் என்பதும் நிசப்தம் அல்ல. நல்ல காதுள்ள இளையவர்கள் சராசரியாகக் கேட்கும் மெல்லிய ஒலி.

வாப்பா 22 வருடம் அரிசி மில்லில் வேலை. சராசரி 17, கேட்கும் திறன் சாதாரணம் என்று ரிப்போட்டில் இருக்கிறது. ஆனால் கல்யாண வீட்டில் பக்கத்தில் இருந்து பேசினாலும் அவருக்கு விளங்குவதில்லை. (சம்மாந்துறை)

ரிப்போட்டும் பிழையில்லை, வாப்பா சொல்வதும் பிழையில்லை. நீங்கள் அனுப்பிய படத்தில் வலது காதுக்கு 500 ஹெர்ட்ஸில் 15 டெசிபெல், 1000இல் 15, 2000இல் 20. அந்த மூன்றையும் கூட்டி மூன்றால் பிரித்தால் ஏறக்குறைய 17 வரும். அதற்கு அப்பால் பாருங்கள்: 4000இல் 55, 8000இல் 30. கோடு கிணறு மாதிரி இறங்கி மறுபடி ஏறுகிறது. அந்தக் கிணறு சராசரிக்குள் வரவே இல்லை.

இரைச்சலில் நெடுங்காலம் இருந்த காதுக்கு இதுதான் அடையாளம். வயதால் வரும் குறைவு என்றால் கோடு 8000 வரை சரிந்துகொண்டே போகும், ஏறாது. அறுபதைத் தாண்டியவருக்கு இரண்டும் சேர்ந்து பள்ளம் மழுங்கிவிடும், அப்போது பிரித்துச் சொல்வது கஷ்டம்.

பேச்சின் உரம் தாழ்ந்த சுருதிகளில் இருக்கிறது, சொல்லைப் பிரித்துக் காட்டும் ச, த, க போன்ற ஒலிகளின் கூர்மை உயர்ந்த சுருதிகளில் இருக்கிறது. அதனால் 'சட்டி' என்றால் ஆள் பேசுவது கேட்கும். சட்டியா, கட்டியா என்பதுதான் தெரியாது. அமைதியான பரிசோதனை அறையில் சமாளிப்பார், பந்தலுக்குள் முடியாது.

இரண்டு விஷயம் கேட்டுப் பாருங்கள். மில்லிலிருந்து நேரே போய்ப் பரிசோதித்தாரா? அப்படியென்றால் அன்றைய இரைச்சலின் தற்காலிகக் களைப்பும் சேர்ந்திருக்கும். ஒரு நாள் இரைச்சலே படாமல் இருந்துவிட்டு மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். அப்புறம், இடது காது. அவருக்கு 4000இல் 50, வலதோடு கிட்டத்தட்டச் சமம். மில் இரைச்சல் இரண்டு காதையும் ஒன்றுபோலத்தான் தாக்கும். ஒரு காது மட்டும் தெளிவாகக் கீழே இருந்தால் இரைச்சலின் மேல் பழியைப் போட்டுவிட்டு இருக்கக் கூடாது. காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் காட்டி உள்ளே வேறு காரணம் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

இரைச்சலால் விழுந்த பள்ளம் இனி நிரம்பாது. பழைய படத்தைக் கவனமாக வைத்திருங்கள். அடுத்த வருடம் எடுக்கும் படத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பள்ளம் 2000 பக்கம் அகல்கிறதா என்பது தெரிந்துவிடும்.