லோகோ வாங்கிவிட்டால் பிராண்ட் வந்துவிடுமா?

கேள்வி: வீட்டிலேயே லேப்டாப் பை தைத்து விற்க ஆரம்பித்திருக்கிறேன். இதுவரை 40 பைகள் போயிருக்கின்றன. ஒரு டிசைனர் ‘பிராண்டிங் செய்து தருகிறேன்’ என்றார். என்னவென்று கேட்டால் லோகோவைத்தான் காட்டுகிறார். பிராண்ட், லோகோ, பொருள் மூன்றும் வேறு வேறா? கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தை முதலில் எதில் போடுவது?

பதில்: வேறு வேறுதான். ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் சட்டென்று பிடிபடும். பை உங்கள் தையல் மெஷினில் உருவாகிறது. லோகோ டிசைனரின் கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலாக இருக்கிறது. பிராண்ட் இருப்பது வாங்கியவர் தலைக்குள். உங்கள் பெயரைக் கேட்டதும் அவருக்கு என்ன ஞாபகம் வருகிறதோ அதுதான் உங்கள் பிராண்ட். முதல் இரண்டையும் நீங்களே செய்யலாம், காசு கொடுத்தும் வாங்கலாம். மூன்றாவதை வாடிக்கையாளர்தான் செய்துகொள்கிறார்; அதற்கு வேண்டிய சரக்கை மட்டும் நீங்கள் கொடுக்க முடியும்.

உங்கள் பையிலேயே பார்ப்போம். வாங்கி மூன்று மாதத்தில் ஒருவருடைய ஜிப் ரன்னர் தளர்ந்துபோகிறது. இழுத்தால் ரன்னர் நகர்கிறது, ஆனால் பின்னால் பற்கள் பிரிந்துகொண்டே வருகின்றன. இது பொருளின் குறை. அவர் உங்களுக்கு மெசேஜ் அனுப்புகிறார். இரண்டு நாள் கழித்து, ‘ரொம்ப சாமான் திணிச்சிருப்பீங்க’ என்று பதில் போகிறது என்று வையுங்கள். அதோடு அந்த வீட்டில் உங்கள் பெயர் முடிந்தது. அதற்குப் பதில் அன்று சாயங்காலமே, ‘பையை அனுப்புங்க, ரன்னரை மாத்தித் தர்றேன்’ என்று சொன்னால் அவர் நாலு பேரிடம் அதைச் சொல்வார். பை ஒன்றுதான், லோகோ ஒன்றுதான். ஆனால் இரண்டு இடத்திலும் விளைந்த பிராண்ட் வேறு.

பெரிய கம்பெனிகளே இதில் சறுக்கியிருக்கின்றன. 1985 ஏப்ரலில் கோக-கோலா நிறுவனம் தன் பானத்தின் சுவையை மாற்றியது. அதற்கு முன் ஏறக்குறைய 2 லட்சம் பேருக்குக் கொடுத்து ருசி பார்க்கச் சொல்லியிருந்தார்கள். புதிய சுவைக்கே ஆதரவு அதிகம். பொருள் என்ற அளவில் அது தேறிவிட்டது. கடைக்கு வந்ததும் எதிர்ப்பு கிளம்பியது. 79 நாட்களில் பழைய சுவையைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. சோதனையில் நாக்கை மட்டும் கேட்டார்கள். அந்தப் பெயரோடு ஜனங்களுக்கு இருந்த பழக்கத்தை யாரும் அளக்கவில்லை.

லோகோவைப் பற்றி இதற்கு நேர்மாறான கதை ஒன்று உண்டு. நைக்கியின் அந்த வளைந்த கோட்டை 1971-இல் வரைந்தவர் கரோலின் டேவிட்சன் என்ற கிராஃபிக் டிசைன் மாணவி. அப்போது அவருக்குக் கிடைத்த கூலி 35 டாலர். முதல் நாள் அந்தக் கோட்டுக்கு ஒரு அர்த்தமும் கிடையாது. பல வருஷம் ஷூக்களும் விளையாட்டு வீரர்களும் சேர்ந்துதான் அதை நிரப்பினார்கள். லோகோவை ஒரு காலிப் பாத்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஓட்டையில்லாமல் இருந்தால் போதும், தங்கத்தில் இருக்க வேண்டாம்.

சரி, பணத்தை எங்கே போடுவது? நீங்கள் ஊகிக்க வேண்டாம், வாங்கியவர்களைக் கேட்டுவிடலாம். லேப்டாப் பையை மாதா மாதம் யாரும் வாங்குவதில்லை என்பதால், ‘திரும்ப வந்தார்களா’ என்று பார்ப்பதில் பெரிதாக ஒன்றும் தெரியாது. அந்த 40 பேரில் வாங்கி இரண்டு மாதமாவது ஆன பத்துப் பேருக்கு ஃபோன் போடுங்கள். சொந்தக்காரர்களை விட்டுவிடுங்கள், அவர்கள் நல்லதாகத்தான் சொல்வார்கள். ஒரே ஒரு கேள்வி போதும்: ‘யாராவது இந்தப் பையைப் பத்திக் கேட்டா என்ன சொல்வீங்க?’ அப்புறம் குறுக்கே பேசாமல், அவர்கள் சொல்வதை அதே வார்த்தைகளில் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்று பேர் ஜிப்பைச் சொன்னால் டிசைனரை மறந்துவிடுங்கள். பணம் நல்ல ஜிப்புக்குப் போகட்டும். ‘பை அருமை, உங்க பேருதான் ஞாபகம் வரலை’ என்று பலர் சொன்னால் பெயரிலும் லேபிளிலும் கோளாறு. அப்போது டிசைனருக்கு வேலை இருக்கிறது. ‘மழையில நனைஞ்சேன், லேப்டாப்புக்கு ஒண்ணும் ஆகலை’ என்று நாலைந்து பேர் ஏறக்குறைய ஒரே மாதிரி சொன்னால் பிராண்ட் முளைவிட்டிருக்கிறது. அந்த வாக்கியத்தைத்தான் இனி உங்கள் படங்களும் விளம்பரமும் சொல்ல வேண்டும். துணி வாங்கும்போது தண்ணீர் இறங்காத தன்மையில் ஒருபோதும் சமரசம் செய்யக் கூடாது. பத்துப் பேரும் பத்து விதமாகச் சொன்னால் பிராண்ட் இன்னும் உருவாகவில்லை என்று அர்த்தம். 40 பையில் அது சகஜம்தான்.

லோகோவே தேவை என்று வந்தால் அதைத் திரையில் பெரிதாகப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு சென்டிமீட்டர் அகலத்தில், கறுப்பு ஒரே நிறத்தில் அச்சடித்துப் பாருங்கள். உங்கள் லோகோ வாழப்போவது பை லேபிளிலும் ஜிப் நுனியில் தொங்கும் சின்னப் பட்டையிலும்தான். ஆரம்ப காலத்தில் நான் ஒருவருக்கு மெல்லிய கோடுகளில் ஒரு பறவையைத் தேர்வு செய்து கொடுத்தேன். கம்ப்யூட்டரில் அழகாக இருந்தது. துணியில் எம்பிராய்டரி போட்டதும் கொசுவை நசுக்கியது போல ஆகிவிட்டது! நூலுக்கென்று ஒரு தடிமன் இருக்கிறது என்பதை நான் யோசிக்கவே இல்லை.

டிசைனரிடம் PNG அல்லது JPG மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். அவற்றைப் பெரிதாக்கினால் ஓரம் பிசிறடிக்கும். SVG போன்ற வெக்டர் ஃபைலும் வேண்டும். அதை எந்த அளவுக்கு இழுத்தாலும் கோடு கூர்மையாகவே இருக்கும். லோகோவின் உரிமை முழுவதும் உங்களுக்கே என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பல நாடுகளில் காசு கொடுத்ததாலேயே அந்தப் படத்தின் காப்புரிமை உங்களுக்கு வந்துவிடாது.

டிரேட்மார்க் பதியும் அளவுக்கு வளர்ந்தால், இரண்டையும் பதியப் பணம் இல்லாத பட்சத்தில் முதலில் பெயரை வெறும் எழுத்தாகப் பதிவது என் சிபாரிசு. லோகோவை நாளைக்கு மாற்றுவீர்கள், பெயரை அவ்வளவு சுலபமாக மாற்ற மாட்டீர்கள். பதிவு எந்தப் பொருள் வகைக்கோ அதற்குத்தான் பாதுகாப்பு. உலகில் பெரும்பாலான நாடுகள் பின்பற்றும் நீஸ் வகைப்பாட்டில் 45 வகுப்புகள் இருக்கின்றன. சாதாரணப் பைகள் 18-ஆம் வகுப்பு. லேப்டாப்புக்கென்றே செய்த பைகள் கம்ப்யூட்டர்களோடு சேர்ந்து 9-ஆம் வகுப்பில் வரும். இதைக் கவனிக்காமல் 18-இல் மட்டும் பதிந்துவிட்டால் நீங்கள் விற்கும் பொருளே வெளியே நின்றுவிடும்.

உங்கள் டிசைனர் ஏமாற்றுகிறார் என்று நான் நினைக்கவில்லை; அந்தத் தொழிலில் பலரும் லோகோவையே பிராண்டிங் என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். அவரிடம் போவதற்கு முன் அந்தப் பத்து ஃபோன்களையும் பேசி முடித்துவிடுங்கள். எழுதிய தாளைக் கையில் கொடுத்து, ‘இதைப் படித்துவிட்டு என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். படிக்காமலேயே நிறங்களைக் காட்ட ஆரம்பித்தால், அவரிடம் லோகோ மட்டும் வாங்கிக்கொண்டு அதற்குரிய கூலியை மட்டும் கொடுங்கள்.