புதுப் பார்ட்னர் தரும் 25 லட்சத்தில் குட்வில் எவ்வளவு, மூலதனம் எவ்வளவு?

கேள்வி: திருப்பூரில் நானும் என் மைத்துனரும் சேர்ந்து துணி பிரிண்டிங் யூனிட் நடத்துகிறோம். பதிவு செய்த பார்ட்னர்ஷிப். லாபம் எனக்கு 3 பங்கு, அவருக்கு 2 பங்கு. என் மூலதனம் 36 லட்சம், அவருடையது 24 லட்சம், பொதுக் காப்பு நிதி 10 லட்சம். கடைசி மூன்று வருட லாபம் 24, 32, 28 லட்சம். 32 லட்சத்தில் பழைய மெஷின் விற்ற லாபம் 6 லட்சம் இருக்கிறது. ஏற்றுமதி ஆர்டர் பிடிக்கத் தெரிந்த ஒருவரைக் கால் பங்குக்குச் சேர்க்கிறோம். இனி எனக்குப் பாதி, மற்ற இருவருக்கும் கால் கால். அவர் மொத்தம் 25 லட்சம் தருகிறார், "குட்வில்லும் அதில் அடக்கம்" என்கிறார். கணக்கு பார்ப்பவர் குட்வில்லைப் புத்தகத்தில் ஏற்றி எங்கள் கணக்கில் வரவு வைக்கலாம் என்கிறார். மைத்துனரோ குட்வில் பணத்தைத் தனியாகக் கையில் வாங்கி 3:2 என்று பிரித்துக்கொள்ளலாம் என்கிறார். எது சரி?

பதில்:

மூன்றுமே அப்படியே செய்யக்கூடியவை அல்ல. முதலில் குட்வில்லின் மதிப்பைப் பார்ப்போம், மற்றவை அதிலிருந்து தாமாக வரும்.

மெஷின் விற்ற 6 லட்சம் மறுபடி வராத வருமானம். அதைக் கழித்தால் மூன்று வருட லாபம் 24, 26, 28 லட்சம், சராசரி 26 லட்சம். நீங்கள் இருவரும் சம்பளம் எடுக்காமல் உழைத்திருந்தால் அந்த உழைப்பின் கூலியும் இந்த லாபத்துக்குள் ஒளிந்திருக்கிறது. ஆளுக்கு மாதம் 40,000 என்று வைத்தால் வருடத்துக்கு 9.60 லட்சம். போட்ட பணம் காப்பு நிதியோடு 70 லட்சம். அதற்கு 12 சதவீதம் நியாயமான வருமானம் என்றால் 8.40 லட்சம். இரண்டையும் கழித்தபின் மிஞ்சுவது 8 லட்சம். யூனிட்டின் பெயரும் வாடிக்கையாளர் தொடர்பும் சம்பாதித்துத் தருவது இந்தத் தொகைதான், கணக்கியலில் இதை உயர் லாபம் என்பார்கள். மூன்று வருட மதிப்பு என்று எடுத்தால் குட்வில் 24 லட்சம்.

சம்பளத் தொகை, 12 சதவீதம், மூன்று வருடம் ஆகிய மூன்றையும் எந்தச் சட்டமும் விதிக்கவில்லை, பேசி ஒத்துக்கொள்வதுதான். சம்பளம் ஏற்கெனவே செலவாக எழுதப்பட்டிருந்தால் மறுபடி கழிக்காதீர்கள். பேரத்தில் நடக்கும் பெரிய தவறு, 26 லட்சம் சராசரியை அப்படியே மூன்றால் பெருக்கி 78 லட்சம் என்று சொல்வது. அது உங்கள் உழைப்பையும் முதலீட்டையும் சேர்த்து விலை சொல்வதாகும். புதியவரின் ஆடிட்டர் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

ஆக, அவர் வாங்கும் கால் பங்குக்கான குட்வில் 6 லட்சம். இதை யார் எவ்வளவு எடுப்பது என்பதில்தான் உங்கள் மைத்துனர் தனக்கே நஷ்டமான கணக்கைச் சொல்கிறார். குட்வில் பழைய லாப விகிதத்தில் பிரியாது, யார் எவ்வளவு பங்கை விட்டுக்கொடுத்தார் என்ற விகிதத்தில் பிரியும். பாடப் புத்தகங்களில் இதன் பெயர் தியாக விகிதம். உங்கள் பங்கு ஐந்தில் மூன்றிலிருந்து பாதியாகிறது, அதாவது 60 சதவீதத்திலிருந்து 50. இழப்பு 10. அவருடையது 40-லிருந்து 25 ஆகிறது, இழப்பு 15. ஆகவே விகிதம் 2:3. உங்களுக்கு 2.40 லட்சம், அவருக்கு 3.60 லட்சம். 3:2 என்று பிரித்தால் இது தலைகீழாகி, 1.20 லட்சம் அவர் கையிலிருந்து உங்கள் கைக்கு வந்துவிடும். கேள்வி கேட்டவர் நீங்கள் என்பதால் இது உங்களுக்குக் கசக்கலாம். ஆனால் மூன்று வருடம் கழித்து வேறொரு வக்கீலோ ஆடிட்டரோ அவருக்கு இதைச் சொல்வதைவிட இப்போது நீங்களே சொல்லிவிடுவது நல்லது. பழைய விகிதமும் தியாக விகிதமும் ஒன்றாக வருவது, எல்லாரும் தங்கள் விகிதத்திலேயே விட்டுக்கொடுக்கும்போது மட்டும்தான். உங்கள் விஷயத்தில் அப்படி இல்லை.

அடுத்தது 25 லட்சம். இங்கேதான் பத்திரத்தில் ஒரு வரி முக்கியம். "புதிய பங்குதாரர் மூலதனமாக ரூபாய் 25 லட்சம் செலுத்துகிறார்" என்று எழுதி முடித்தால், அவர் குட்வில்லுக்கு ஒரு ரூபாயும் தரவில்லை என்று ஆகிவிடும். நாளை அவர் விலகினாலோ நிறுவனம் கலைந்தாலோ 25 லட்சத்தையும் மூலதனமாகத் திருப்பிக் கேட்பார். பங்குதாரர் மூலதனத்தைத் திருப்பித் தருவது 1932-ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 48-ஆவது பிரிவில் சொன்ன வரிசையில் வருகிறது. குட்வில்லாக வந்த பணத்துக்கு அந்த உரிமை கிடையாது. "அடக்கம்" என்று வாயால் சொன்னது போதாது. 25 லட்சத்தில் 6 லட்சம் குட்வில்லுக்கான தொகை, 19 லட்சம் மூலதனம் என்று இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். குட்வில் போக முழு 25 லட்சமும் மூலதனமாக வேண்டும் என்றால் அவர் 31 லட்சம் தர வேண்டும். எந்த ஏற்பாடு என்பதை மூன்று பேரும் இப்போதே தீர்மானியுங்கள்.

பதிவு எழுதும் முன் செய்ய வேண்டிய ஒன்று: காப்பு நிதி 10 லட்சம் பழையவர்கள் சம்பாதித்தது, புதியவருக்கு அதில் பங்கில்லை. சேர்க்கும் நாளுக்கு முன் அதை 3:2 விகிதத்தில் உங்கள் இருவர் மூலதனக் கணக்குக்கும் மாற்றிவிடுங்கள். உங்களுக்கு 6, அவருக்கு 4. கவனியுங்கள், இது பழைய விகிதம். குட்வில் மட்டும்தான் தியாக விகிதத்தில் போகும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது மிகச் சாதாரணம். மாற்றியபின் உங்கள் மூலதனம் 42, மைத்துனருடையது 28.

பிறகு 25 லட்சம் நிறுவன வங்கிக் கணக்குக்கு வருகிறது. 19 லட்சம் புதியவர் மூலதனக் கணக்கில் வரவு. 6 லட்சத்தில் 2.40 உங்கள் கணக்கிலும் 3.60 மைத்துனர் கணக்கிலும் வரவு. முடிவில் நீங்கள் 44.40 லட்சம், மைத்துனர் 31.60 லட்சம், புதியவர் 19 லட்சம். கூட்டினால் 95, அதாவது பழைய 70-உம் புதிய 25-உம். இந்தக் கூட்டல் பொருந்தாவிட்டால் எங்கோ ஒரு பதிவு தப்பு என்று அர்த்தம்.

மூலதன விகிதம் லாப விகிதத்தோடு பொருந்தவில்லையே என்று தோன்றும். பொருந்த வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. கூடுதலாகப் போட்டவருக்கு ஈடாக மூலதனத்துக்கு வட்டி என்று பத்திரத்தில் எழுதினால் போதும். எழுதாவிட்டால் வட்டி கேட்க முடியாது. வருமான வரியில் நிறுவனச் செலவாக ஏற்பது 12 சதவீதம் வரைதான்.

இனி, புத்தகத்தில் குட்வில்லை ஏற்றும் யோசனை. கணக்காக மட்டும் பார்த்தால் அது தவறில்லை. 24 லட்சத்தை ஏற்றிப் பழைய விகிதத்தில் 14.40, 9.60 என்று வரவு வைத்து, பிறகு புதிய விகிதத்தில் 12, 6, 6 என்று எழுதித் தள்ளினால் உங்களுக்கு நிகரமாக 2.40, மைத்துனருக்கு 3.60, புதியவருக்குக் கழிவு 6 என்று அதே விடைதான் வரும். பிரச்சினை, எழுதித் தள்ளாமல் 24 லட்சத்தைச் சொத்தாக விட்டுவைப்பதில். தானே உருவாக்கிய குட்வில்லைச் சொத்தாகக் காட்ட 26-ஆவது கணக்கியல் தரநிலை அனுமதிப்பதில்லை. வரியிலோ 2021-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் குட்வில்லுக்குத் தேய்மானமும் கிடையாது. அதைவிடப் பெரிய ஆபத்து 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மன்சுக் டையிங் அண்ட் பிரிண்டிங் மில்ஸ் வழக்கில் சொன்னது. அங்கே புதியவர்கள் சேர்ந்ததையொட்டிச் சொத்துகளை மறுமதிப்பீடு செய்து, உயர்ந்த தொகையைப் பங்குதாரர் மூலதனக் கணக்குகளில் வரவு வைத்தார்கள். எடுத்துக்கொள்ளக் கூடிய நிலையில் தொகை வந்துவிட்டதால் அது பங்குதாரர்களுக்குச் சொத்தைப் பிரித்துத் தந்ததற்குச் சமம் என்று சொல்லி, நிறுவனத்தின் மீது மூலதன ஆதாய வரியை நீதிமன்றம் ஏற்றது. அது பழைய சட்டப்படி வந்த தீர்ப்பு. 2021-இல் வருமான வரிச் சட்டத்தின் 45(4) பிரிவே மாற்றி எழுதப்பட்டது. இப்போது பங்குதாரர் மாற்றத்தையொட்டி நிறுவனத்திலிருந்து பெற்ற பணம் அவர் மூலதன இருப்பைத் தாண்டுகிறதா என்று பார்க்கிறார்கள். அந்த இருப்பைக் கணக்கிடும்போது மறுமதிப்பீட்டாலோ, தானே உருவாக்கிய குட்வில்லாலோ ஏறிய தொகையைச் சேர்ப்பதில்லை. ஆகவே வெறும் புத்தக வரவால் உங்களுக்கு லாபம் எதுவும் இல்லை, கேள்வி மட்டும்தான் வரும். நான் சொன்ன முறையில் 24 லட்சம் எங்குமே ஏறாது. உண்மையாக வந்த 6 லட்சம் மட்டும் கை மாறும்.

அதற்காக அந்த 6 லட்சத்துக்கு வரியே இல்லை என்று நினைக்க வேண்டாம். பங்கை விட்டுக்கொடுத்துப் பெற்ற தொகை என்று துறை அதை உங்கள் இருவர் தனிக் கணக்கில் மூலதன ஆதாயமாகக் கேட்கலாம். ஆதாயம் யார் கையில், எந்த வருடம் என்பதைப் பத்திரம் எழுதும் முன்பே ஆடிட்டர் எழுத்தில் தரட்டும்.

மைத்துனர் சொல்லும் "கையில் வாங்குவது" வேண்டவே வேண்டாம். ஒரே விஷயத்துக்காக ஒருவரிடமிருந்து 2 லட்சம் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகப் பெற வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. மீறினால் வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம், அதுவும் வாங்கியவர் மீது. உங்கள் 2.40-உம் அவருடைய 3.60-உம் இரண்டுமே எல்லை தாண்டியவை. வங்கி வழியாக வாங்கிக்கொள்ளலாம். ஆனால் நிறுவனத்துக்கு வெளியே நேராக வந்தால் 6 லட்சம் தந்ததற்கு நிறுவனப் புத்தகத்தில் தடயம் இருக்காது. விலகும்போது தகராறு வரும் இடம் அதுதான்.

பத்திரத்தில் இன்னும் இரண்டு விதிகள் தேவை. ஒன்று, புதியவர் விலகும்போது குட்வில் எப்படி மதிப்பிடப்படும் என்பது. குட்வில் நிறுவனத்தின் சொத்து என்று கூட்டாண்மைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு சொல்வதால், பத்திரம் வாய்மூடி இருந்தால் 6 லட்சம் தந்தவர் அன்றைய மதிப்பில் கால் பங்கு கேட்பார். இப்போது பயன்படுத்திய அதே கணக்கு முறையையே எழுதிவிடுங்கள். இரண்டு, சேரும் தேதிக்கு முந்தைய காலத்துக்காகப் பின்னால் வரும் ஜி.எஸ்.டி. போன்ற கேட்புகளை நீங்கள் இருவரும் 3:2 விகிதத்தில் ஏற்பது. முந்தைய செயல்களுக்குப் புதியவர் பொறுப்பில்லை என்று 31-ஆவது பிரிவு சொன்னாலும், நோட்டீஸ் நிறுவனத்தின் பெயரில்தான் வரும்.

சேரும் தேதியை ஏப்ரல் 1 என்று வையுங்கள். வருட நடுவில் சேர்த்தால் அந்த நாளுக்குக் கணக்கை மூடி, சரக்கை எண்ணி, அதுவரையான லாபத்தைப் பழைய விகிதத்தில் பிரிக்க வேண்டியிருக்கும்.

மூவரும் கையெழுத்திட்ட பின் பான் எண் மாறாது. ஜி.எஸ்.டி. பதிவில் 15 நாளுக்குள் திருத்தம் கோர வேண்டும். 63-ஆவது பிரிவின்படி நிறுவனப் பதிவாளருக்கு அறிவிப்பு தந்து பதிவேட்டில் புதியவர் பெயரை ஏற்றுங்கள். இதைப் பலர் தள்ளிப்போடுகிறார்கள். வழக்குப் போடும் நாளில் எல்லாப் பங்குதாரர் பெயரும் பதிவேட்டில் இல்லையென்றால் 69-ஆவது பிரிவின்படி நிறுவனத்தின் வழக்கு நிற்காது என்று 1989-இல் ஸ்ரீராம் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஏற்றுமதிக்காரர் யாராவது பிரிண்டிங் கூலியை நிறுத்தி வைத்தால், நீங்கள் நிறுவனத்தின் பெயரில் வழக்குப் போடும் நாளில் அந்தப் பதிவேட்டில் மூன்று பெயர் இருக்க வேண்டும்.